மேப்பின் வெளிச்சமும் இரவுச் சாலையும்

சென்னையிலிருந்து திருச்சிக்கு இரவில் கார் ஓட்டிப் போகிறவர்களுக்கு இது பழக்கமான விஷயம். செங்கல்பட்டைத் தாண்டும்வரை தெருவிளக்கு, கடை வெளிச்சம், முன்னால் போகும் வண்டிகளின் சிவப்பு விளக்கு என்று ஏதோ ஒன்று கூடவே வருகிறது. மதுராந்தகம் கடந்து, ஆத்தூர் சுங்கச்சாவடியின் வெள்ளை விளக்குகளும் பின்னால் போன பிறகு, பல இடங்களில் நம் ஹெட்லைட் விழும் அளவுதான் சாலை. அந்த நேரத்தில் காருக்குள் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக ஒளிர்வது டேஷ்போர்டின் நடுவில் இருக்கும் மேப். அது பகலில் இருந்த மாதிரியே வெள்ளையாக இருந்தால் அதன் பிம்பம் டிரைவரின் வலப்பக்க ஜன்னல் கண்ணாடியில் விழுகிறது. பின்னால் லாரி வருகிறதா என்று வலது சைடு மிரரைப் பார்த்தால், மிரருக்கு முன்னால் நீலக்கோடு போட்ட இன்னொரு மேப் நிற்கிறது.

ஜன்னலில் விழும் பிம்பமாவது கண்ணில் படும், எரிச்சல் வரும், கையை நீட்டி வெளிச்சத்தைக் குறைக்கத் தோன்றும். அதைவிட மோசமானது கண்ணுக்குள்ளே நடப்பது. அதை ஓட்டுகிறவர் உணர்வதே இல்லை.

கண்ணின் லென்ஸ் முழுத் தெளிவான பொருள் அல்ல. ஓரத்திலிருந்து வரும் வெளிச்சம் உள்ளே நுழையும்போது கொஞ்சம் சிதறி, விழித்திரை முழுவதும் மெல்லிய பனித்திரைபோல் பரவிவிடுகிறது. நாம் பார்ப்பது சாலையை. ஆனால் சாலையின் பிம்பத்தின் மேல் இந்தத் திரை படிந்திருக்கிறது. பகலில் சாலையே பிரகாசமாக இருப்பதால் இது ஒரு பொருட்டல்ல. இரவில் சாலையிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளியே சொற்பம். அதன் மேல் சிறிதளவு சிதறல் சேர்ந்தாலும், சாலையோரம் கறுப்புச் சட்டையோடு சைக்கிள் தள்ளிக்கொண்டு போகிறவருக்கும் அவருக்குப் பின்னால் இருக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசம் குறைந்துவிடும்.

இதைக் கணக்கிட ஒரு சூத்திரம் இருக்கிறது. ஹோலடே, ஸ்டைல்ஸ் என்ற இருவர் 1920களில் தனித்தனியாகச் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. கண்ணில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் எடுத்துப் பத்தால் பெருக்க வேண்டும். அந்த வெளிச்சம் நாம் பார்க்கும் திசையிலிருந்து எத்தனை டிகிரி விலகியிருக்கிறதோ, அந்த எண்ணின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். வருகிற விடைதான் கண்ணுக்குள் படியும் திரையின் பிரகாசம்.

ஒன்பது அங்குல ஸ்கிரீன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பகல் மேப், வெள்ளைப் பின்னணி, பிரகாசம் சுமார் 400 நிட். டிரைவரின் கண்ணிலிருந்து 70 சென்டிமீட்டர் தூரம், பார்வையிலிருந்து 30 டிகிரி கீழே இடப்பக்கமாக இருக்கிறது. கண்ணில் விழுவது ஏறக்குறைய 19 லக்ஸ். கணக்குப் போட்டால் திரையின் பிரகாசம் 0.2 நிட். கேட்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். ஆனால் டிம் லைட்டில் சற்றுத் தள்ளித் தெரியும் தார்ச்சாலையின் பிரகாசமும் ஒரு நிட்டுக்குக் கீழேதான். கால் நிட்டுக்கு இறங்குவதும் உண்டு. அப்படி ஓர் இடத்தில், பார்க்க வேண்டிய பொருளுக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இந்த ஸ்கிரீனே சாப்பிட்டுவிடுகிறது.

இதே கணக்கை விண்ட்ஷீல்டில் ஒட்டிய செல்போனுக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். செல்போன் ஸ்கிரீனின் பரப்பு கார் ஸ்கிரீனில் பாதிகூட இல்லை. கண்ணில் விழும் வெளிச்சமும் குறைவு, 12 லக்ஸ் சொல்லலாம். ஆனால் அது சாலைக்கு மிக அருகில், 15 டிகிரியிலேயே நிற்கிறது. கோணம் பாதியானால் விளைவு நான்கு மடங்கு. ஆக, திரையின் பிரகாசம் அரை நிட் ஆகிவிடுகிறது. பெரிய ஸ்கிரீன் செய்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பார்வைக்கு நேராக இருந்தால் வசதி என்று செல்போனை உயரத்தில் மாட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஏ.சி. வென்ட்டில் தாழ்வாக மாட்டினாலே பாதித் தொல்லை போய்விடும்.

இந்தச் சூத்திரம் இளம் கண்ணுக்கானது. வயது கூடக் கூட லென்ஸ் மங்கி, சிதறலும் கூடுகிறது. 70 வயதில் அது ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. கண்புரை ஆரம்பித்திருந்தால் இன்னும் அதிகம். ‘ராத்திரியில் இப்போதெல்லாம் ஓட்ட முடியவில்லை’ என்று பெரியவர்கள் சொல்லும்போது, டாக்டரைப் பார்ப்பதோடு அவர்கள் காரின் ஸ்கிரீனையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

எதிரில் ஹை பீமில் வரும் பஸ்ஸோடு ஒப்பிட்டால் ஸ்கிரீன் எம்மாத்திரம் என்று கேட்கலாம். உண்மைதான், அந்தச் சில நொடிகளுக்குப் பஸ்ஸின் விளக்குதான் பெரிய எதிரி. ஆனால் பஸ் கடந்து போய்விடும். ஸ்கிரீன் திருச்சி வரை கூடவே வருகிறது. பஸ்ஸின் விளக்கை நாம் ஒன்றும் செய்ய முடியாது. இதைச் செய்ய முடியும்.

செய்வதற்கு முன்னால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ‘நைட் மோட் போட்டிருக்கிறேனே, அப்புறமும் ஏன் கண் கூசுகிறது?’ என்பது பலரும் கேட்கும் கேள்வி. நைட் மோட் என்பது வேறு, பிரைட்னெஸ் என்பது வேறு. நைட் மோட் படத்தின் நிறங்களை மாற்றுகிறது. வெள்ளைப் பின்னணி கருநீலமாகவோ கரும்சாம்பலாகவோ ஆகிறது. அந்த வேலையைச் செய்வது மேப் ஆப். பிரைட்னெஸ் என்பது ஸ்கிரீனுக்குப் பின்னால் எரியும் விளக்கின் அளவு. அந்த வேலையைச் செய்வது காரின் ஸ்டீரியோ யூனிட், அல்லது செல்போன். ஒன்று மாறினால் மற்றதும் மாறியே தீரும் என்ற கட்டாயம் இல்லை.

பெரும்பாலான கார் ஸ்கிரீன்கள் எல்.சி.டி. வகை. அதில் கறுப்பு என்று காட்டப்படும் இடத்திலும் பின்விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. வெளிச்சம் கொஞ்சம் கசிகிறது. மேப் கறுப்பாக மாறியும் பின்விளக்கு முழுசாக எரிந்தால், இருட்டுக் காருக்குள் ஸ்கிரீன் முழுவதும் சாம்பல் நிறத்தில் பூத்துக்கொண்டிருக்கும். ஓ.எல்.ஈ.டி. ஸ்கிரீன் உள்ள செல்போன்களில் கறுப்புப் புள்ளி அணைந்தே போகும் என்பதால் அங்கே நைட் மோட் மட்டுமே பெரிய பலன் தருகிறது. எல்.சி.டி.யில் இரண்டும் சேர்ந்து இறங்க வேண்டும். நைட் மோட் மேப்பின் சராசரி ஒளியைப் பத்தில் ஒன்றாக்கி, பின்விளக்கும் பத்தில் ஒன்றாக இறங்கினால், முதலில் பார்த்த 0.2 நிட் திரை 0.002 ஆகிவிடும். அதன் பிறகு ஸ்கிரீன் இருப்பதையே கண் பொருட்படுத்தாது.

சரி, இரவாகிவிட்டது என்று இந்த யூனிட்டுக்கு யார் சொல்கிறார்கள்? இங்கேதான் பெரும்பாலான கோளாறுகள் இருக்கின்றன.

செல்போனில் தனியாக ஓடும் கூகுள் மேப்ஸ், ‘Automatic’ என்று விட்டிருந்தால், நாம் இருக்கும் ஊரின் சூரிய அஸ்தமன நேரத்தைக் கொண்டு மாறிக்கொள்கிறது. சென்னையில் நவம்பரில் மாலை 5:40க்கே அஸ்தமனம்; ஜூலை ஆரம்பத்தில் 6:40 வரை ஆகும். நம் ஊரில் அந்தி நீளாது. அஸ்தமனத்துக்குப் பின் இருபது நிமிடம் சற்று அதிகமாகப் போனால் நன்றாக இருட்டிவிடும். ஆகவே நேரக்கணக்கு நமக்கு ஓரளவு சரியாகவே பொருந்துகிறது.

காரில் பொருத்திய யூனிட் வேறு மாதிரி. அது பெரும்பாலும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, காரின் விளக்கைப் பார்க்கிறது. கம்பெனியிலிருந்தே ஸ்கிரீனோடு வரும் கார்களில் லைட் சுவிட்சின் நிலையும், சென்சார் இருந்தால் அதன் அளவும் காரின் தகவல் கம்பிகள் வழியாகவே யூனிட்டுக்குப் போய்விடும். வெளிக்கடையில் வாங்கி மாட்டும் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோக்களில் இதற்கென்று ஒரு தனி வயர் இருக்கிறது. வழக்கமாக ஆரஞ்சு நிறம்; ஐ.எல்.எல். என்று அதன் மேல் சிறு எழுத்தில் அச்சிட்டிருக்கும். பார்க் லைட் போட்டதும் இந்த வயருக்கு 12 வோல்ட் வர வேண்டும். வந்தால் யூனிட், ‘இரவு’ என்று புரிந்துகொண்டு பின்விளக்கைக் குறைக்கும். ஆண்ட்ராய்டு ஆட்டோவோ கார்ப்ளேயோ ஓடினால், ‘இரவு’ என்ற அதே செய்தியைச் செல்போனுக்கும் அனுப்பும். அதைப் பார்த்துத்தான் மேப் கறுப்பாகிறது.

என் தங்கை வீட்டுக்காரர் விழுப்புரத்தில் இருக்கிறார். பழைய ஹாட்ச்பேக் ஒன்றை வாங்கினார். முந்தைய ஓனர் ஏதோ ஒரு கடையில் ஒன்பது அங்குல ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டி வைத்திருந்தார். இரவானால் மேப் பளீரென்று வெள்ளையாகவே நிற்கும். செல்போனில் எல்லா இடத்திலும் ‘Automatic’ என்றுதான் இருந்தது. அதனால் தொல்லை செல்போனில் என்று அவர் முடிவு கட்டி, புதிதாக வேறு மேப் ஆப் ஒன்றைக்கூடப் போட்டுப் பார்த்தார். மாற்றமே இல்லை. தினமும் சாயங்காலம் பிரைட்னெஸைக் கையால் குறைப்பது, காலையில் வெயிலில் ஒன்றும் தெரியாமல் மறுபடி கூட்டுவது என்று ஓட்டிக்கொண்டிருந்தார்.

நான் ஊருக்குப் போயிருந்தபோது இருட்டிய பிறகு வீட்டு வாசலிலேயே காரை நிறுத்திப் பார்த்தோம். இக்னிஷன் ஆன் செய்து, ஸ்கிரீனைப் பார்த்தபடியே பார்க் லைட் சுவிட்சைத் திருகினோம். ஸ்பீடோமீட்டரில் விளக்கு வந்தது, ஏ.சி. நாப்களில் வந்தது. ஸ்கிரீனில் ஓர் அசைவும் இல்லை. அதன் ஓரத்தில் இருக்கும் பட்டன்களிலும் விளக்கு எரியவில்லை. மேப், பின்விளக்கு, பட்டன் ஆகிய மூன்றும் ஒரே சமயத்தில் சும்மா இருந்தால் மூன்றுக்கும் காரணம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்: இரவு என்ற செய்தி யூனிட்டுக்கே வரவில்லை.

மறுநாள் காலையில் எலக்ட்ரீஷியனிடம் போனோம். டேஷ்போர்டின் பட்டியைக் கழற்றி யூனிட்டை வெளியே இழுத்தார்.

“அண்ணே, இங்க பாருங்க. இந்த வயர யாரும் தொடவே இல்ல. முனையில டேப் சுத்தி அப்படியே உள்ள தள்ளி விட்டிருக்காங்க.”

“அது இல்லாம எப்படிப்பா ஓடுது?”

“பாட்டு பாடும்ணே, மேப் ஓடும், எல்லாம் ஓடும். ராத்திரின்னு மட்டும் அதுக்குத் தெரியாது. கடைக்காரங்க சீக்கிரம் முடிக்கணும்னு மஞ்சள், சிவப்பு, கறுப்பு மூணையும் கொடுத்துட்டு விட்டுருவாங்க. யாரு கேக்கப் போறாங்க?”

அவர் அடுத்து செய்ததுதான் முக்கியம். டேஷ்போர்டுக்குள் பார்க் லைட்டோடு உயிர் பெறும் வயர்கள் ஒன்றுக்கு மேல் இருந்தன. மல்டிமீட்டரை வைத்து முதலில் ஒன்றைச் சோதித்தார். பார்க் லைட் போட்டால் 12 வோல்ட் வந்தது. ஆனால் ஸ்பீடோமீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ரோலரைத் திருகியதும் அது எட்டு, ஏழு என்று இறங்கியது. “இது டிம்மர் லைன்ணே, இதுல கொடுத்தா ஸ்கிரீன் பகலா ராத்திரியான்னு தடுமாறிக்கிட்டே இருக்கும்” என்று அதை விட்டுவிட்டார். அடுத்த வயரில் லைட் போட்டால் 12, அணைத்தால் பூஜ்யம், ரோலரைத் திருகினாலும் அசையவில்லை. அதில்தான் இணைத்தார். லைட்டைப் போட்டதும் ஸ்கிரீன் சட்டென்று அடங்கியது, பட்டன்கள் எரிந்தன, செல்போனை இணைத்துப் பார்த்தபோது மேப்பும் கறுப்பானது.

எல்லாக் கார்களிலும் இது இவ்வளவு எளிதல்ல. புதிய கார்கள் பலவற்றில் ஸ்டீரியோ இடத்துக்கு இப்படி ஒரு தனி வயர் வருவதே இல்லை. விளக்கின் நிலை தகவல் கம்பியில் செய்தியாகத்தான் ஓடும். அதைப் படித்துச் சொல்ல, அந்தக் காருக்கென்று செய்த டிகோடர் பெட்டி ஒன்றை யூனிட்டோடு சேர்த்து மாட்ட வேண்டும். வாரண்டியில் இருக்கும் காரில் வயரை வெட்ட விடக் கூடாது. அந்த மாடலுக்கான கப்ளர் வாங்கிச் செருகுவதுதான் சரி. இன்னொன்று: யூனிட்டின் செட்டிங்கில் இரவு, பகலுக்கான கட்டுப்பாட்டை நேரத்துக்கு என்றோ, எப்போதும் பகல் என்றோ மாற்றி வைத்திருந்தால் வயர் சரியாக இருந்தும் பலன் இராது. டேஷ்போர்டைக் கழற்றும் முன் அதைப் பார்த்துவிட வேண்டும்.

செல்போன் பக்கம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஆண்ட்ராய்டு ஆட்டோவின் செட்டிங்கில் ‘Day/Night mode for maps’ என்று இருக்கும். அதை ‘Automatic’கில் வைத்தால் கார் சொல்வதைக் கேட்கும். காரின் வயரைச் சரிசெய்ய முடியாதவர்கள் தற்காலிகமாக ‘Night’ என்று வைத்துக்கொள்ளலாம். பகலிலும் மேப் கறுப்பாக இருக்கும் என்பதைச் சகித்துக்கொள்ள வேண்டும். கார்ப்ளே பயன்படுத்துகிறவர்கள் கார் ஸ்கிரீனில் தெரியும் ‘Settings’ போய் ‘Appearance’ தட்டினால் ‘Automatic’, ‘Always Dark’ இரண்டும் இருக்கும்; மேப் மட்டும் எப்போதும் கறுப்பாக இருக்க ‘Always Show Dark Maps’ இருக்கிறது. செல்போனிலேயே மேப் பார்ப்பவர்கள் கூகுள் மேப்ஸின் நேவிகேஷன் செட்டிங்கில் ‘Color scheme’ஐத் தேட வேண்டும். பதிப்புக்குப் பதிப்பு இந்தப் பெயர்கள் கொஞ்சம் இடம் மாறும்.

செல்போனில் பிரைட்னெஸைக் கடைசி வரை குறைத்தும் கூசுகிறது என்றால் அதற்கும் கீழே போக வழி உண்டு. ஆண்ட்ராய்டு 12 முதல் ‘Extra dim’ வந்துவிட்டது. ஐபோனில் ‘Reduce White Point’. இரண்டும் அக்ஸஸிபிலிட்டி பகுதியில் இருக்கும். ஆட்டோ பிரைட்னெஸை இரவு ஓட்டத்தில் அணைத்து வைப்பது என் வழக்கம். செல்போனின் வெளிச்ச சென்சார் ஸ்கிரீன் பக்கமே இருக்கிறது, அதாவது காரின் உட்புறத்தைப் பார்த்தபடி. பின்னால் வரும் வண்டியின் ஹெட்லைட் அதில் பட்டாலும், சுங்கச்சாவடியில் வெள்ளை விளக்குகளின் கீழ் நின்றாலும், வெளிச்சம் கூடிவிட்டது என்று நினைத்து ஸ்கிரீனைத் தூக்கிவிடும். சாவடியைத் தாண்டி இருட்டுக்குள் நுழையும்போது அது மெதுவாகத்தான் இறங்கும். நம் கண் தடுமாறும் நேரமும் அதுதான்.

இரவுக்கேற்ற மஞ்சள் நிறம் தரும் வசதியைப் போட்டுவிட்டால் போதும் என்று சிலர் இருக்கிறார்கள். அது நீலத்தைக் குறைக்கிறது. வெளிச்சத்தைப் பெரிதாகக் குறைப்பதில்லை. கண்ணில் படியும் திரைக்கு முக்கியமாக அளவுதான் கணக்கு. நிறத்தை மாற்றிவிட்டுப் பிரைட்னெஸை அப்படியே விட்டால் பலன் சொற்பம். மேப்பில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நெரிசலைக் காட்டும் கோடுகளும் ஒன்றோடொன்று குழம்பும்.

இனி எந்த அளவில் வைப்பது என்பது. வீட்டு ஷெட்டில் டியூப் லைட்டின் கீழ் உட்கார்ந்து இதை முடிவு செய்ய முடியாது. அங்கே சரியாகத் தெரியும் அளவு நெடுஞ்சாலையில் பல மடங்கு அதிகம். தெருவிளக்கு இல்லாத, பாதுகாப்பாக ஒதுங்கி நிறுத்தக்கூடிய ஓர் இடம் வேண்டும். டிம் லைட்டைப் போட்டு, உள்விளக்கை அணைத்துவிட்டு, ஐந்து முதல் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்தால் கண் அந்த இருட்டுக்குப் பழகிவிடும். முழு இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரம் ஆகும் என்பார்கள். ஹெட்லைட் எரியும் காரில் அந்த நிலை ஒருபோதும் வராது, அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே பிரைட்னெஸை மாற்ற வேண்டும் என்பதைக் குறிப்பாகச் சொல்கிறேன். பல யூனிட்டுகள் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என இரண்டு அளவுகளைத் தனித்தனியாக நினைவில் வைக்கின்றன. பகலில் விளக்கில்லாமல் குறைத்தால் குறைவது பகல் அளவுதான். இரவில் அது எந்தப் பயனும் தராது. ‘நான் குறைத்து வைத்தேன், தானாகக் கூடிவிடுகிறது’ என்ற புகாரில் பாதி இதிலிருந்து வருவது.

முதலில் ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள். அதைவிட ஸ்கிரீன் தூக்கலாகத் தெரியாத அளவுக்கு இறக்குங்கள். பிறகு நேராகச் சாலையில் ஹெட்லைட் வெளிச்சம் மங்கி முடியும் இடத்தை, ஒரு மைல்கல்லையோ புதரின் விளிம்பையோ, உற்றுப் பாருங்கள். பார்வையை எடுக்காமல் இடது கையை நீட்டி, ஸ்கிரீனின் வெளிச்சம் கண்ணுக்கு வராதபடி உள்ளங்கையால் மறையுங்கள். மறைத்ததும் அந்த விளிம்பு கொஞ்சம் தெளிவானால் ஸ்கிரீன் இன்னும் அதிகம். இன்னும் ஒரு படி இறக்கி மறுபடி மறைத்துப் பாருங்கள். மறைத்தாலும் எடுத்தாலும் வித்தியாசம் தெரியாத இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். அதே நிலையில் வலது ஜன்னலில் மேப்பின் பிம்பம் மிரரை மறைக்கிறதா என்பதையும் பார்த்துவிடலாம்.

அதற்கும் கீழே இறக்கக் கூடாது. இருட்டில் கண்ணின் பாப்பா விரிந்திருக்கும். விரிந்த பாப்பாவுக்குக் கிட்டத்தில் இருப்பது எளிதில் மங்கலாகும். வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு, அதாவது நாற்பத்தைந்தைத் தாண்டிய பெரும்பாலோருக்கு, ரொம்பவும் மங்கிய ஸ்கிரீனில் தெருப்பெயரும் மீட்டர் எண்ணும் கலங்கித் தெரியும். படிக்க இரண்டு நொடி, மூன்று நொடி ஆகும். மணிக்கு 80 கிலோமீட்டரில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டி, கார் ஸ்கிரீனில் செய்யும் எந்த வேலைக்கும் ஒரு பார்வை இரண்டு நொடிக்கு மேல் போகக் கூடாது என்கிறது. இரண்டு நொடி என்பதே 44 மீட்டர் சாலையைப் பார்க்காமல் ஓட்டுவது. ஆகவே, ஒரே பார்வையில் ‘அடுத்து இடப்பக்கம், 800 மீட்டர்’ என்பது பிடிபடுகிறதா என்பது இரண்டாவது சோதனை. பிடிபடவில்லையென்றால் பிரைட்னெஸை ஏற்றுவதைவிட மேப்பைப் பெரிதாக்குவதும் குரல் வழிகாட்டலை நம்புவதும் மேல். விக்கிரவாண்டியிலிருந்து உளுந்தூர்ப்பேட்டை வரை திருப்பமே இல்லாமல் நேராகப் போகும்போது ஸ்கிரீனை அடியோடு அணைத்துவிடலாம். பெரும்பாலான யூனிட்டுகளில் அதற்கு ஒரு பட்டன் உண்டு. அணைத்தாலும் குரல் வரும்.

எல்லாம் சரிசெய்த பிறகும் சில மூலைகளிலிருந்து வெளிச்சம் எட்டிப் பார்க்கும். ரிவர்ஸ் கியர் போட்டதும் கேமரா படம் வெள்ளையாகப் பாயும். பல யூனிட்டுகளில் கேமராவுக்குத் தனி பிரைட்னெஸ் இருக்கிறது, ரிவர்ஸில் வைத்துக்கொண்டுதான் அதை மாற்ற முடியும். பாட்டு ஆப்பின் அட்டைப்படம் வெளிர் நிறமாக இருந்தால் அதுவும் ஒரு விளக்குதான். பளபளப்பான ஸ்கிரீன் கார்டுக்குப் பதிலாக மேட் ரகம் ஒட்டினால் வெளிச்சம் ஸ்கிரீனில் பட்டு மினுங்குவது குறையும். ஸ்கிரீனின் சொந்த வெளிச்சம் குறையாது.

விழுப்புரம் காரில் கடைசியாக ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. அக்டோபர் மழையில் ஒரு நாள் மதியம் மச்சான் போன் செய்தார். மழைக்காக ஹெட்லைட் போட்டதும் ஸ்கிரீன் ஒன்றும் தெரியாமல் மங்கிவிட்டது என்றார். யூனிட் சரியாகத்தான் வேலை செய்தது. விளக்கு எரிந்தால் இரவு என்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே கணக்கு. மேகம் மூடிய மதியமும் அதற்கு இரவுதான். இரவு அளவை நாங்கள் அடியிலேயே வைத்திருந்ததால் மதிய வெளிச்சத்தில் எழுத்துகள் கரைந்துவிட்டன. சில கார்களில் ஸ்பீடோமீட்டர் ரோலரைக் கடைசி வரை, ஒரு ‘கிளிக்’ கேட்கும்வரை திருகினால், விளக்கு எரிந்தாலும் ஸ்கிரீன் பகல் அளவிலேயே நிற்கும். மழை விட்டதும் பழைய இடத்துக்குத் திருப்பிவிடலாம். அவருடைய யூனிட் வெளியில் வாங்கியது, ரோலருக்குக் கட்டுப்படாது. அதனால் மேலிருந்து கீழே இழுக்கும் பட்டியில் பிரைட்னெஸ் ஸ்லைடரை எடுத்து வைக்கச் சொன்னேன். மழையில் விளக்குப் போட்டால், வண்டியை நகர்த்தும் முன் ஒரே விரலில் அதை மேலே தள்ளுகிறார். இருட்டியதும் பெட்ரோல் பங்க்கில் நிற்கும்போது மறுபடி கீழே இறக்குகிறார்.